சம்ப்பில் ஒரே தண்ணீர், தாளில் மூன்று அளவு

மாடி டேங்க் நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அதே கருவி இன்னொரு வேலையும் செய்யும். கீழே சம்ப்பில் தண்ணீர் தீர்ந்தாலும் மோட்டாரை நிறுத்திவிடும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: ஓடிய மோட்டார் நிற்கிறது. ஆனால் டேங்க் நிறைந்து நின்ற மோட்டார், சாயங்காலம் தண்ணீர் இறங்கியதும் யாரையும் கேட்காமல் மறுபடி ஓடத் தொடங்கும். சம்ப் வறண்டு நின்ற மோட்டாரோ, பல கருவிகளில், ஒருவர் வந்து பார்த்து பொத்தானை அழுத்தும்வரை அசையாது. முதலாவது வேலை முடிந்து நின்றது. இரண்டாவது ஏதோ கோளாறு என்று நின்றது.

வீட்டில் இந்த வேறுபாட்டைக் கருவி தயாரித்தவரே தீர்மானித்துவிடுகிறார். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நீரேற்று நிலையத்திலோ ஆலையிலோ அதை ஒருவர் எழுத்தில் வைத்தாக வேண்டும். அந்த ஆவணத்துக்குக் கன்ட்ரோல் நேரேட்டிவ் என்று பெயர். பம்ப் எப்போது ஓட வேண்டும், எப்போது ஓடக்கூடாது, ஓடும்போது எது நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சாதாரண வாக்கியங்களில் சொல்வது அது. அதைப் படித்துத்தான் புரோகிராமர் பி.எல்.சி.யில் லாஜிக் எழுதுவார். நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு ஆபரேட்டரும் எலக்ட்ரீஷியனும் திறந்து பார்ப்பதும் அதையேதான். அதில் அதிகம் குழம்புகிற இடம் பெர்மிசிவ், இன்டர்லாக், ட்ரிப் என்ற மூன்றும்.

இந்தக் குழப்பத்துக்குத் தொழிலும் ஒரு காரணம். சில நிறுவனங்களில் மூன்றையும் சேர்த்தே இன்டர்லாக் என்பார்கள். வேறு சில இடங்களில் ட்ரிப்பை மட்டும் அப்படிச் சொல்வார்கள். ஆகவே நேரேட்டிவின் முதல் பக்கத்திலேயே, இந்த ஆவணத்தில் எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று எழுதிவிடுவது நல்லது. நான் இங்கே கொள்ளும் பொருள் இது. பெர்மிசிவ் என்பது ஸ்டார்ட் கொடுக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும் பார்க்கப்படும் நிபந்தனை. பம்ப் ஓட ஆரம்பித்த பிறகு அதை யாரும் கேட்பதில்லை. இன்டர்லாக் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும்; தேவைப்படும்போது தானே செயல்படும், நிலைமை சரியானதும் தானே விலகிக்கொள்ளும். ட்ரிப்பும் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும், ஆனால் ஒருமுறை நிறுத்தினால் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். காரணம் நீங்கினாலும், மனிதர் ஒருவர் ரீசெட் கொடுக்கும்வரை விடாது.

எது ஆபத்து அதிகம் என்பதை வைத்து மூன்றையும் பிரிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. எப்போது பார்க்கப்படுகிறது, நிறுத்தியதை நினைவில் வைக்கிறதா என்ற இரண்டு கேள்விகள் போதும். அவற்றுக்கு விடை சொல்லாத வாக்கியத்தைப் புரோகிராமர் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்வார்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். நான்கு மீட்டர் ஆழமுள்ள சம்ப். அதிலிருந்து தண்ணீர் எடுத்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் இரண்டு சென்ட்ரிஃபியூகல் பம்ப்கள். ஒன்று ஓடும், மற்றது ஸ்டாண்ட்பை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்‌ஷன் வால்வு, மோட்டாரால் திறந்து மூடும் ஒரு டெலிவரி வால்வு. சம்ப் மட்டம் மிகவும் இறங்கினால் உறிஞ்சு குழாயின் வாயருகே சுழல் உண்டாகும். அதன் வழியே காற்று பம்புக்குள் போகும். பம்ப் அதிரும், தண்ணீரே இல்லாமல் ஓடினால் சீல் சூடேறிக் கெட்டுப்போகும். இந்த உதாரணத்தில் 0.8 மீட்டருக்குக் கீழே அந்த அபாயம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நிலையத்திலும் இந்த எண்ணைப் பம்ப் தயாரிப்பாளரும் சம்ப்பின் வடிவமைப்பும்தான் சொல்ல வேண்டும். வேறொரு திட்டத்தின் தாளிலிருந்து எடுத்து எழுதக் கூடாது.

‘சம்ப்பில் தண்ணீர் குறைவாக இருந்தால் பம்ப் ஓடக்கூடாது.’ பல நேரேட்டிவ்களில் இந்த ஒற்றை வாக்கியத்தோடு விஷயம் முடிந்துவிடும். குறைவு என்றால் எவ்வளவு? ஓடக்கூடாது என்றால் தொடங்கக்கூடாதா, ஓடிக்கொண்டிருப்பது நிற்க வேண்டுமா? நின்றது மறுபடி தானே ஓடலாமா? இவற்றுக்கு விடை சொல்லப்போனால் அந்த ஒரே வாக்கியம் மூன்றாகப் பிரியும்.

பம்பை ஸ்டார்ட் செய்ய சம்ப் மட்டம் 1.5 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். இது பெர்மிசிவ். ஆட்டோவில் ஓடும் பம்ப், மட்டம் 1.2 மீட்டருக்கு இறங்கினால் நிற்கும், மட்டம் 1.5 மீட்டருக்கு மேல் ஏறியதும், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் தேவைப்பட்டால், தானே ஓடத் தொடங்கும். இது இன்டர்லாக். மட்டம் 0.8 மீட்டரைத் தொட்டால், எந்த மோடில் இருந்தாலும், பம்ப் உடனே நிற்கும். ரீசெட் கொடுக்காமல் ஓடாது. இது ட்ரிப். இடையில் 1.0 மீட்டரில் ஓர் அலாரம் வைத்தால், ட்ரிப் ஆகும் முன் ஆபரேட்டருக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

1.2க்கும் 1.5க்கும் நடுவே மட்டம் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஓடிக்கொண்டிருந்த பம்ப் ஓடும். நின்றிருந்த பம்பை ஸ்டார்ட் செய்ய முடியாது. இது முரண்பாடு என்று தோன்றலாம். ஆனால் அந்த இடைவெளிதான் தேவை. தொடங்கவும் நிற்கவும் 1.2 மீட்டரையே வைத்திருந்தால், பம்ப் ஓடத் தொடங்கியதும் மட்டம் சற்று இறங்கும், பம்ப் நிற்கும். நின்றதும் சம்ப்புக்கு வந்துகொண்டிருக்கும் தண்ணீரால் மட்டம் சற்று ஏறும், பம்ப் மறுபடி தொடங்கும். நேரடியாக லைனில் ஸ்டார்ட் ஆகும் மோட்டார் ஒவ்வொரு தடவையும் ஓடும்போது இழுப்பதைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு கரன்ட் இழுக்கும். குளிர்ந்திருக்கும்போது அடுத்தடுத்து இரண்டு ஸ்டார்ட், சூடாக இருக்கும்போது ஒன்று என்பது பெரிய மோட்டார்களுக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் வரம்பு. மட்டம் 1.2ஐச் சுற்றி அலைபாயும் ஒரு மதியத்தில் அந்த வரம்பு எளிதில் தாண்டிப்போகும்.

டெலிவரி வால்வுக்கு வந்தால், தவறான வகையில் எழுதுவதன் விளைவு இன்னும் பளிச்சென்று தெரியும். சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்பில் வால்வு மூடியிருக்கும்போதுதான் மோட்டாருக்குச் சுமை மிகக் குறைவு. அதனால் டெலிவரி வால்வு மூடியிருப்பது ஸ்டார்ட்டுக்கு ஒரு பெர்மிசிவ். பம்ப் வேகம் பிடித்ததும் வால்வு தானாகத் திறக்கும். இந்த நிபந்தனையை யாராவது இன்டர்லாக் பட்டியலில் போட்டால் நடப்பது இதுதான்: பம்ப் ஓடும், வால்வு திறக்கத் தொடங்கும், மூடிய நிலையைக் காட்டும் லிமிட் சுவிட்ச் விலகும், அந்தக் கணமே பம்ப் நிற்கும். நிலையத்தை முதன்முதலில் ஓட்டும் நாளிலேயே இது தெரிந்துவிடும் என்பதால் பெரிய சேதம் இல்லை. சக்‌ஷன் வால்வில் செய்யும் தவறு அப்படிப்பட்டதல்ல. அது திறந்திருக்க வேண்டும் என்பதைப் பெர்மிசிவ் பட்டியலில் மட்டும் எழுதினால் பம்ப் ஒழுங்காகத் தொடங்கும், மாதக்கணக்கில் ஓடும். ஒருநாள் பக்கத்துப் பம்பில் வேலை செய்ய வந்தவர் தவறுதலாக இந்த வால்வை மூடிவிடுவார். பெர்மிசிவ் தன் கேள்வியை ஸ்டார்ட்டின்போதே கேட்டு முடித்துவிட்டது. பம்ப் உள்ளே வரும் தண்ணீர் இல்லாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். திறந்திருப்பது தொடங்கவும் வேண்டும், ஓடும்போதும் வேண்டும். ஆகவே அது பெர்மிசிவாகவும் ட்ரிப்பாகவும் இரண்டு இடத்தில் எழுதப்பட வேண்டும். லிமிட் சுவிட்ச் ஒரு கணம் அதிர்ந்து சிக்னல் விட்டுப்போவதால் வீணாக ட்ரிப் ஆகாமலிருக்க, இரண்டு வினாடி தாமதம் கொடுப்பதை நான் ஏற்பேன். அதற்கு மேல் நீட்டமாட்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆக்சியல் ஃப்ளோ வகைப் பம்ப்களில் கதை தலைகீழ். வால்வு மூடியிருக்கும்போதுதான் அவற்றுக்குச் சுமை அதிகம். வெள்ளநீர் வெளியேற்றும் நிலையங்களில் இந்த வகையைக் காணலாம். அங்கே டெலிவரி வால்வு மூடியிருக்க வேண்டும் என்ற பெர்மிசிவை அப்படியே எடுத்து ஒட்டினால், மோட்டாரின் ஓவர்லோட் ரிலே முதல் ஸ்டார்ட்டிலேயே பதில் சொல்லிவிடும்.

அடுத்தது, ஓட்டம் குறைந்தால் ட்ரிப். தண்ணீர் நகராமல் பம்ப் ஓடினால், மோட்டார் கொடுக்கும் ஆற்றல் அந்தத் தண்ணீரையே சூடாக்கும். ஆகவே ஃப்ளோ குறைவு என்பது நியாயமான ட்ரிப். சிக்கல் என்னவென்றால், ஸ்டார்ட் ஆகும் கணத்தில் எந்தப் பம்பிலும் ஃப்ளோ சுழியம்தான். தடையின்றி எழுதினால் பம்ப் ஒருபோதும் தொடங்காது. இதற்காக ஒரு டைமர் வைப்பார்கள்: ‘ஸ்டார்ட் ஆன 20 வினாடிக்குப் பின் ஃப்ளோ குறைவாக இருந்தால் ட்ரிப்.’ கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது.

ஆனால் நம் உதாரணத்தில் டெலிவரி வால்வு முழுதாகத் திறக்க 45 வினாடி ஆகும். இருபதாவது வினாடியில் அது பாதியைக்கூட எட்டியிருக்காது. மேல்நிலைத் தொட்டி காலியாக, எதிர் அழுத்தம் குறைவாக இருக்கும் நாளில் ஃப்ளோ எப்படியோ வரம்பைத் தாண்டிவிடும். தொட்டி பாதிக்கு மேல் நிறைந்திருக்கும் நாளில் தாண்டாது. பம்ப் ட்ரிப் ஆகும். ஆபரேட்டர் ரீசெட் கொடுத்து மறுபடி முயல்வார், மறுபடி ட்ரிப் ஆகும். ஃப்ளோ மீட்டரைக் கழற்றித் துடைப்பார்கள், பம்பைத் திறந்து இம்பெல்லரைப் பார்ப்பார்கள். ஊரில் தண்ணீர் வரவில்லை என்று தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒருவர் பேனலைத் திறந்து அந்த ட்ரிப்பைச் சிறு வயர் ஒன்றால் பைபாஸ் செய்துவிடுவார். பம்ப் அருமையாக ஓடும். அந்த வயரும் அங்கேயே இருக்கும். என்றைக்காவது உண்மையிலேயே ஃப்ளோ நின்றுபோனால், அதைப் பார்க்க யாரும் இல்லை.

இந்தக் கோளாறு பம்பில் இல்லை, தாளில் இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ட்ரெண்ட் திரையில் ஸ்டார்ட் ஆன நேரத்தையும் ட்ரிப் ஆன நேரத்தையும் ஒப்பிட்டால் போதும். உண்மையான கோளாறு எந்த வினாடியிலும் வரும். ஒவ்வொரு தடவையும் அதே இருபதாவது வினாடியில் ட்ரிப் ஆனால், அது யாரோ தாளில் எழுதிய எண். சரியாக எழுதுவது கடினமில்லை. டைமர் ஸ்டார்ட் கட்டளையிலிருந்து எண்ணாமல், வால்வு முழுதாகத் திறந்துவிட்டது என்ற சிக்னலிலிருந்து எண்ண வேண்டும். அதன்பின் 10 வினாடி. கூடவே ஒரு தனி ட்ரிப்: ஸ்டார்ட் ஆகி 60 வினாடிக்குள் வால்வு முழுதாகத் திறக்காவிட்டால் பம்ப் நிற்க வேண்டும். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டால், வால்வு பாதியில் சிக்கிக்கொண்ட நாளில் முதல் டைமர் எண்ணவே தொடங்காது.

ரீசெட்டைப் பற்றி நேரேட்டிவ்களில் மிகக் குறைவாகத்தான் எழுதுகிறார்கள். எழுத வேண்டியவை இரண்டு. காரணம் நீங்காத நிலையில் ரீசெட் ஏற்கப்படக் கூடாது. ரீசெட் கொடுத்தால் பம்ப் ஓடக் கூடாது. அது பூட்டைத் திறப்பது மட்டும்தான், ஓட வைக்க வேறொரு ஸ்டார்ட் தேவை. ஆட்டோ மோடில் ஸ்டார்ட் கட்டளை நிலையாக நின்றுகொண்டிருக்கும் என்பதால், ட்ரிப் ஆனதும் அந்தப் பம்பை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் தள்ளிவிடும்படி எழுதுவதே எனக்குப் பிடித்த முறை. எலக்ட்ரீஷியன் கப்ளிங் அருகே குனிந்திருக்கும்போது, கன்ட்ரோல் ரூமில் ஒருவர் அலாரத்தைத் துடைப்பதாக நினைத்து ரீசெட் அழுத்தி, பம்ப் சுழலத் தொடங்கும் நிலை எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது. வேலைக்கு முன் மின்சாரத்தைப் பிரித்துப் பூட்டுவது அவர் கடமை என்பது உண்மைதான். அதைக் காரணம் காட்டி நேரேட்டிவ் தன் பங்கைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஸ்டாண்ட்பை பம்பைத் தானாக ஓட வைப்பதும் இன்டர்லாக்தான். ஓடும் பம்ப் ட்ரிப் ஆனால் மற்றது தொடங்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். முதல் பம்பின் பேரிங் சூடானதால் ட்ரிப் ஆகியிருந்தால் அது சரி. சம்ப் வறண்டதால் ட்ரிப் ஆகியிருந்தால் இரண்டாவது பம்பும் அதே வறண்ட சம்ப்பில்தான் தொடங்கும். நம் உதாரணத்தில் 1.5 மீட்டர் பெர்மிசிவ் அதைத் தடுத்துவிடுகிறது. ஆனால் டெலிவரி லைன் எங்கோ உடைந்து, அழுத்தம் சரிந்து ட்ரிப் ஆகியிருந்தால் எந்தப் பெர்மிசிவும் தடுக்காது. ஸ்டாண்ட்பை பம்ப் தொடங்கி உடைந்த குழாய் வழியே சாலையில் தண்ணீரைக் கொட்டும். எந்தெந்த ட்ரிப்புக்கு ஸ்டாண்ட்பை தொடங்கலாம், எதற்குத் தொடங்கக் கூடாது என்று ட்ரிப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரே எழுத வேண்டியது இதனால்தான்.

மேனுவல் மோடிலும் மூன்றும் வேறு வேறாக நடந்துகொள்ளும். சம்ப்பைச் சுத்தம் செய்ய அடிவரை தண்ணீரை இறக்க வேண்டியிருக்கும், அப்போது 1.2 மீட்டர் இன்டர்லாக் மேனுவலில் செயல்படாமல் இருப்பது நியாயம். 0.8 மீட்டர் ட்ரிப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆட்டோ, மேனுவல், பம்ப் அருகிலுள்ள லோக்கல் பொத்தான் எல்லாவற்றிலும் அது உயிரோடிருக்க வேண்டும். லோக்கல் பொத்தான் பி.எல்.சி.யைச் சுற்றிக்கொண்டு நேரே ஸ்டார்ட்டருக்குப் போகிற நிலையங்களில், பி.எல்.சி.க்குள் எழுதிய ட்ரிப் அங்கே இல்லவே இல்லை. அப்படியானால் அதை ஸ்டார்ட்டர் சர்க்யூட்டிலேயே வயராக இணைக்க வேண்டும்.

ட்ரிப்புக்கு எந்தச் சென்சார் என்பதை நேரேட்டிவ் பெயரிட்டுச் சொல்ல வேண்டும். 1.5, 1.2, 1.0 மூன்றையும் ஒரு லெவல் டிரான்ஸ்மிட்டர் பார்த்துக்கொள்ளட்டும். 0.8 மீட்டரையும் அதனிடமே கொடுத்தால், அது ஒரு நாள் 2 மீட்டரில் சிக்கி நின்றுவிட்டால், பெர்மிசிவ், இன்டர்லாக், அலாரம், ட்ரிப் நான்கும் ஒன்றாக ஏமாறும். தனியாக ஒரு ஃப்ளோட் சுவிட்ச் தேவை. அதன் வயரிங்கும் சரியான திசையில் இருக்க வேண்டும்: தண்ணீர் இருக்கும்போது சர்க்யூட் மூடியிருக்கும், தண்ணீர் போனாலும் வயர் அறுந்தாலும் திறக்கும். எலி கடித்த வயர் பம்பை நிறுத்தட்டும். ட்ரிப்பை ஊமையாக்கக் கூடாது.

இங்கிலாந்தில் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் அருகேயுள்ள பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அன்று நடந்தது இதற்கு நேர் சான்று. 912 என்ற எண்ணுள்ள டேங்கில் பைப்லைன் வழியே பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாலை மூன்று மணியளவில் மட்டம் காட்டும் கேஜ் ஒரே அளவில் சிக்கிக்கொண்டது. பெட்ரோல் ஏறியது, திரையில் எண் ஏறவில்லை. அந்தக் கேஜை நம்பியிருந்த அலாரங்கள் ஒன்றும் ஒலிக்கவில்லை. கடைசிக் காவலாகத் தனி ஹை லெவல் சுவிட்ச் ஒன்று இருந்தது. அது தனியாக இருந்தது சரியே. ஆனால் அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்து வைக்க வேண்டிய பூட்டு போடப்படவில்லை என்று விசாரணை கண்டது. சுவிட்ச் வேலை செய்யவில்லை. பெட்ரோல் வழிந்து ஆவியாகிப் பரவி, ஆறு மணியளவில் வெடித்தது. ட்ரிப்புக்குத் தனிச் சென்சார் வைப்பது பாதி வேலை. அதைச் சோதித்த பிறகு எந்த நிலையில் விட வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எண்ணெய், ரசாயன ஆலைகளில் இப்படிப்பட்ட ட்ரிப்களைச் சாதாரணக் கன்ட்ரோலிலிருந்து பிரித்து, ஐ.இ.சி. 61511 தரநிலையின் கீழ்த் தனிப் பாதுகாப்பு அமைப்பில் வைப்பார்கள். குடிநீர் நிலையத்துக்கு அந்தளவு பெரும்பாலும் தேவைப்படாது. தனிச் சென்சார் தேவை.

சோதிக்கும் முறையும் மூன்றுக்கும் வேறு. பெர்மிசிவை பம்ப் நின்றிருக்கும்போது ஒவ்வொன்றாகக் கெடுத்து, ஸ்டார்ட் மறுக்கப்படுகிறதா, எந்த நிபந்தனை குறைகிறது என்று திரை சொல்கிறதா எனப் பார்க்க வேண்டும். பிறகு பம்பை ஓடவிட்டு, ஸ்டார்ட்டுக்கு மட்டுமே உரிய அதே நிபந்தனையைக் கெடுத்து, பம்ப் நிற்காமல் ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. இன்டர்லாக்கில், நிலைமை சரியானதும் பம்ப் தானே திரும்புகிறதா என்பதுதான் கேள்வி. ட்ரிப்புக்குப் பம்ப் ஓடும்போது ஃப்ளோட்டைக் கையால் தாழ்த்தி, நின்றதும் மேலே தூக்கி, ரீசெட் கொடுக்காமல் ஸ்டார்ட் அழுத்திப் பார்க்க வேண்டும். அடுத்து, ஃப்ளோட்டைத் தாழ்ந்த நிலையில் பிடித்துக்கொண்டே ரீசெட் அழுத்த வேண்டும். கடைசியாக அந்த ஃப்ளோட்டின் வயரைக் கழற்ற வேண்டும். பம்ப் நிற்கவில்லை என்றால், நேரேட்டிவில் என்ன எழுதியிருந்தாலும், அந்த நிலையத்தில் சம்ப் மட்டத்துக்கு ட்ரிப் இல்லை.